ஒரு மூட்டை மஞ்சள்தூளைப் பிடித்துக்கொண்டு சப்ளையர் ஆடிட் செய்வது எப்படி

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் மசாலா, ஊறுகாய், ரெடிமிக்ஸ் தயாரிக்கும் கம்பெனிகள் பல, மஞ்சளைத் தாங்களே அரைப்பதில்லை. மில்லில் அரைத்த தூளை 25 கிலோ மூட்டையாக வாங்குகின்றன. அந்த மில்லைப் போய்ப் பார்த்துவிட்டு வரும் வேலை புதிதாக உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. மஞ்சள்தூள் மில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சுகாதாரப் பதிவேடு, சரக்கின் தடம், திரும்ப எடுக்கும் தயார்நிலை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் சோதிக்கும் முறையைச் சொல்கிறோம்.

முதல் ஆடிட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நூறு கேள்விகள் அச்சடித்த தாளுடன் போய், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘உண்டு’, ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு வருவார்கள். பதிவேடு இருக்கிறதா என்ற கேள்விக்கு எந்த மில்லிலும் ‘இருக்குதுங்க’ என்றுதான் பதில் வரும். அந்தப் பதிவேடு உண்மையா என்பது அதில் தெரியாது. அதற்கு நல்ல வழி, ஒரே ஒரு லாட்டைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முழுக்க அதை விடாமல் இருப்பது. தடம் பார்ப்பதும், சுத்தம் பார்ப்பதும், ரீகால் ஒத்திகையும் அந்த ஒரே லாட்டின் மேல் நடக்கட்டும்.

கிளம்புவதற்கு முன்

லாட்டை மில்காரர் தேர்ந்தெடுக்கக் கூடாது. உங்கள் குடோனுக்குப் போய், இரண்டு மூன்று வாரத்துக்கு முன் வந்த ஒரு மூட்டையின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பழையதாக இருந்தால் மில்லில் அந்த லாட்டின் மிச்சம் எதுவும் கண்ணால் பார்க்கக் கிடைக்காது. நேற்று வந்ததாக இருந்தால் விற்பனைத் தடம் இன்னும் உருவாகியிருக்காது. எந்த லாட் என்பதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஆடிட் தேதியை மட்டும் சொன்னால் போதும்.

அடுத்து உரிமம். லேபிளில் இருக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணில் 14 இலக்கங்கள் இருக்கும். FoSCoS இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அது இப்போது செல்லுபடியாகிறதா என்பதும் வரும். முகவரியை நிதானமாகப் படியுங்கள். மில் பெருந்துறைச் சாலையில் இருக்கும், உரிமம் ஈரோட்டுக்குள் இருக்கும் பழைய கடை முகவரியில் இருக்கும். இடம் மாறியபோது உரிமத்தை மாற்றாமல் விட்டிருப்பார்கள். இது எழுத்துப் பிழை இல்லை. நீங்கள் வாங்கும் தூள் அரைபடும் கட்டடத்துக்கு உரிமமே இல்லை என்று பொருள். மஞ்சளை அரைக்க அதில் அனுமதி இருக்கிறதா, வாங்கி விற்க மட்டும் இருக்கிறதா என்பதையும் உரிமத்தின் நகலில் பாருங்கள்.

கூடவே கொண்டுபோக வேண்டியவை: டார்ச், கால்குலேட்டர், அந்த லாட்டுக்கு உங்களுக்கு வந்த பில், ஆய்வக அறிக்கையின் நகல். மில்லில் இருக்கும் தராசு போதும். ஆனால் அதற்கு எடையளவுத் துறையின் முத்திரை நடப்பில் இருக்கிறதா என்று போனதும் பார்த்துவிடுங்கள். இன்றைய கணக்கு முழுவதும் அந்தத் தராசை நம்பித்தான் நிற்கப்போகிறது.

மில்லைச் சுற்றி வரும்போது

உட்கார்ந்து பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். மஞ்சள் இறங்கும் இடத்தில் தொடங்கி, தூள் லாரி ஏறும் இடத்தில் முடியுங்கள். வழியில் கண்ணில் படும் விவரங்களைக் குறித்துக்கொண்டால், பின்னால் பதிவேட்டை அவற்றோடு ஒப்பிடலாம்.

இறக்கும் இடத்தில் சாக்குகளைப் புரட்டிப் பாருங்கள். மஞ்சள் வந்த சாக்கு முன்பு உரமோ பூச்சிமருந்தோ இருந்த சாக்காக இருப்பது உண்டு. எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பித் தைத்திருப்பார்கள். டார்ச் அடித்தால் மங்கலாகத் தெரியும்.

பிறகு கேட்க வேண்டிய கேள்வி, ‘பாலிஷ் எங்கே போடுறீங்க?’ என்பது. வேகவைத்துக் காய்ந்த மஞ்சளின் மேல்தோலை உருளையில் சுற்றி எடுக்கும் இந்தக் கட்டத்தில்தான் நிறம் கூட்டும் மோசடி நடக்க வாய்ப்பு அதிகம். லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைச் சிலர் தூவுவார்கள். அதிலிருக்கும் காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மஞ்சளில் இது அறவே இருக்கக் கூடாது என்பது சட்டம். பாலிஷை வெளியே கூலிக்குக் கொடுக்கிறோம் என்று மில்காரர் சொன்னால், அந்த இடத்தின் பெயர், முகவரி, உரிமம், போய்வந்த எடைச்சீட்டு எல்லாம் வேண்டும். அன்றே அந்த இடத்தையும் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. உருளைக்குப் பக்கத்தில் பெயர் இல்லாத டப்பாவோ பொட்டலமோ இருந்தால் அங்கேயே போட்டோ எடுத்து, என்னவென்று கேட்டு எழுதுங்கள்.

அரைக்கும் இடத்தில் மூன்று பொருட்களை நின்று பாருங்கள். அரைக்கும் மெஷினான பல்வரைசருக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் காந்தம், சல்லடை, பேக்கிங்குக்கு முன் இருக்கும் மெட்டல் டிடெக்டர். காந்தத்தை உங்கள் முன்னாலேயே கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் இரும்புத்தூள் ஒட்டுவது இயல்பு. பளபளப்பான கம்பித் துண்டு ஒட்டினால் சல்லடை கிழிந்திருக்கிறது அல்லது பல்வரைசருக்குள் இருக்கும் சுத்தியல் தேய்ந்து உடைகிறது. டிடெக்டரில் சோதனைத் துண்டுகளை, அதாவது இரும்பு, இரும்பில்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூன்றையும் தனித்தனியாக ஒரு மூட்டைக்குள் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். ஸ்டீல் துண்டைப் பிடிப்பதுதான் எந்த டிடெக்டருக்கும் கடினம். அதிலேதான் தோற்கும். சத்தம் மட்டும் வந்து மூட்டை நிற்காமல் போனால், ஆள் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில் அது லாரி ஏறிவிடும்.

சுத்தம் பற்றிய பதிவேடு உண்மையா என்று பார்ப்பது

மஞ்சள் மில்லில் புதியவர்கள் அடிக்கடி தவறாகப் படிக்கும் செய்தி ஒன்று உண்டு. ‘மெஷினைத் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம்’ என்று சொன்னால் நல்ல பெயர் கொடுத்துவிடுவார்கள். உலர்ந்த தூள் ஓடும் மெஷினில் தண்ணீர் படவே கூடாது. சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி காய்ந்த தூளில் பெருகாது, ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் இருக்கும். மூலையில் ஒட்டிய தூளில் ஈரம் பட்டால் பெருகத் தொடங்கும், பூஞ்சையும் பிடிக்கும். அடுத்த லாட் ஓடும்போது எல்லாம் அதோடு போகும். பிரஷ், சுரண்டி, வாக்குவம் கொண்டு உலர்வாகச் சுத்தம் செய்வதே இங்கே சரி. கம்ப்ரசர் காற்றால் ஊதுவதும் வேண்டாம், ஓரிடத்துத் தூசியை எல்லா இடத்துக்கும் பரப்பும். கழட்டி எடுத்த பாகத்தைக் கழுவியே ஆக வேண்டும் என்றால் வேறு அறையில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். காய்ந்தது என்று யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இனி பதிவேட்டைத் திறக்கலாம். உங்கள் லாட் ஓடிய நாளையும் அதற்கு முந்திய பதினைந்து நாளையும் மட்டும் எடுங்கள். ஆடிட்டருக்காக எழுதப்படாத வேறு தாள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வருகைப் பதிவேடு, கூலிப் பட்டுவாடாத் தாள், ஜெனரேட்டர் டீசல் நோட்டு, கேட்டில் வாட்ச்மேன் எழுதும் நோட்டு. இவற்றை யாரும் ஆடிட்டுக்காகத் திருத்தி வைப்பதில்லை.

பங்குனியில் பண்ணாரி மாரியம்மன் கோயில் குண்டம் நாளில் சத்தியமங்கலம், கோபி பக்கத்து மில்களுக்கு ஆளே வராது. தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடக்கப் போய்விடுவார்கள். அந்த நாட்களுக்கும் சுத்தப் பதிவேட்டில் காலை, மாலை இரண்டு வேளையும் டிக் விழுந்திருந்தால், மாதக் கடைசியில் ஒரே உட்காரலில் எழுதியது என்று தெரிந்துவிடும். அப்படிப் பிடிபட்டால் மில்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ‘அன்னைக்கு மில் லீவுங்களா?’ என்று கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படம் எடுங்கள். ஆடிட் அறிக்கையில் ‘பதிவேட்டை நம்ப முடியவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘இந்தத் தேதியில் வருகைப் பதிவேட்டில் யாரும் இல்லை, சுத்தப் பதிவேட்டில் இன்னார் கையெழுத்து இருக்கிறது’ என்று எழுதுங்கள். இரண்டாவதை யாராலும் மறுக்க முடியாது.

ஆட்களின் உடல்நலச் சான்றுக்கும் இதே வழிதான். உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். கோப்பில் பதினெட்டுச் சான்றிதழ் இருக்கும், மில்லில் பதினெட்டுப் பேர் இருப்பார்கள், எண்ணிக்கை பொருந்தும். பெயரைப் பாருங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாதிப்பேர் மாறியிருப்பார்கள், சான்றிதழ் மட்டும் பழைய ஆட்களின் பெயரில் இருக்கும். இப்போது பேக்கிங்கில் நிற்கும் இரண்டு பேரின் பெயரைக் கேட்டு, அந்த இரண்டு சான்றிதழை மட்டும் எடுக்கச் சொன்னால் போதும். கை கழுவும் இடத்தில் தமிழில் மட்டும் அறிவிப்பு ஒட்டியிருந்தால் அதையும் குறியுங்கள். படிக்க வேண்டியவர்களுக்கு அது படிக்கத் தெரியாது.

பதிவேடுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஓர் ஆண்டு அல்லது பொருளின் ஆயுட்காலம், இவற்றில் எது அதிகமோ அதுவரை.

ஒரு லாட்டின் கணக்கு

இனி நாளின் முக்கியமான வேலை. ஓர் உதாரணக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். உங்கள் குடோனில் எடுத்த லேபிளில் லாட் எண் 312 என்று இருக்கிறது. உங்களுக்கு வந்தது 40 மூட்டை, 1000 கிலோ. மில் அலுவலகத்தில் உட்கார்ந்து லேபிள் படத்தைக் காட்டி, நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்: காலை 11.10. இந்த லாட் எந்தப் பச்சைச் சரக்கிலிருந்து, அதாவது அரைக்காத மஞ்சளிலிருந்து, வந்தது, யார் யாருக்குப் போனது, எவ்வளவு மிச்சம் என்ற மூன்றுக்கும் தாளோடு பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அமைதியாக இருங்கள். இந்த நேரத்தில் நீங்கள் உதவி செய்யக் கூடாது. ஏற்றுமதிக்காரர்களுக்குப் பழக்கமான பி.ஆர்.சி. தரச்சான்று இதற்கு 4 மணி நேரம் தருகிறது. ஒரே பொருள் அரைக்கும் மில் இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

தயாரிப்பு நோட்டில் இப்படி இருக்கிறது. பச்சைச் சரக்கு லாட் 41, ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்தில் எடுத்த விரலி மஞ்சள், 2080 கிலோ. பச்சைச் சரக்கு லாட் 43, தனியார் மண்டியில் வாங்கிய பழைய மஞ்சள், 975 கிலோ. மொத்தம் 3055 கிலோ உள்ளே போயிருக்கிறது. சுத்தம் செய்தபோது கல், மண், வேர் என்று கழிந்தது 61 கிலோ. தூளாக வந்தது 114 மூட்டை, 2850 கிலோ. சல்லடையில் நின்ற கப்பி 85 கிலோ, மறுபடி அரைக்க எடுத்து வைத்தது.

வெளியே வந்ததைக் கூட்டினால் 2996. உள்ளே போனதில் 59 கிலோ காணவில்லை. அது 1.9 சதவீதம். இதை நியாயமான சேதாரம் என்று நீங்கள் ஒத்துக்கொள்ளலாம். ஏனென்றால் அரைக்கும் சூட்டில் ஈரம் போகும். மஞ்சள் 9.5 சதவீத ஈரத்தில் உள்ளே போய், தூள் 8.5 சதவீதத்தில் வந்தால், இந்த அளவுச் சரக்கில் அது மட்டுமே 33 கிலோ போல வரும். மீதி, தூசியாகப் பறந்தது. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. புதியவர்கள் இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஒரு பக்கம் முன்னால் புரட்டுங்கள். லாட் 311-லும் கப்பி நின்றிருக்கும் அல்லவா? இருக்கிறது, 80 கிலோ. ‘அது எங்கே போச்சுங்க?’ என்று கேட்டால், ‘அது அடுத்த ஓட்டத்துல போட்டுட்டோமுங்க’ என்று மேஸ்திரி சாதாரணமாகச் சொல்வார். அடுத்த ஓட்டம் என்பது உங்கள் லாட் 312. நோட்டில் அது உள்ளே போனதாக எழுதவில்லை. இப்போது உள்ளே போனது 3135 கிலோ. காணாமல் போனது 59 அல்ல, 139 கிலோ. 4.4 சதவீதம்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, எடை. 139 கிலோ ஈரமாகவும் தூசியாகவும் போயிருக்க முடியாது, எங்கேயோ இருக்கிறது. மெஷின் பக்கம் திரும்பிப் போய், தூசியைப் பிடிக்கும் துணிப்பை எங்கே கொட்டப்படுகிறது என்று கேளுங்கள். படிக்கட்டுக்கு அடியில் பெயரில்லாத டிரம் ஒன்று இருக்கும். மூடியில் சாக்பீஸில் தேதி மட்டும் எழுதியிருக்கும். தராசில் ஏற்றினால் 76 கிலோ. கழித்தால் மீதி 63 கிலோ, 2 சதவீதம். இப்போது கணக்கு உண்மையாகவே பொருந்துகிறது. அந்தத் தூசியை என்ன செய்வார்கள் என்பது அடுத்த கேள்வி. கழிவாகப் போகிறதா, பூஜை மஞ்சளுக்குப் போகிறதா, பேசாமல் அடுத்த லாட்டில் சேர்கிறதா? எதுவானாலும் எடை போட்டு, எங்கே போனது என்று எழுதியிருக்க வேண்டும். உணவுக்குத் திரும்பக் கூடாது.

இரண்டாவது விஷயம்தான் பெரியது. கப்பி ஒரு லாட்டிலிருந்து அடுத்த லாட்டுக்குப் போகிறது என்றால், லாட்டுகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. நாளைக்குப் பச்சைச் சரக்கு லாட் 43-ல் காரீயம் இருப்பதாக ஆய்வகம் சொன்னால், 312-ஐ மட்டும் திரும்ப எடுத்தால் போதாது. 312-இன் கப்பி 85 கிலோ 313-க்குள் போயிருக்கிறது. அதன் கப்பி 314-க்குள். எங்கே நிறுத்துவது? கப்பி எந்த லாட்டிலிருந்து எந்த லாட்டுக்கு, எவ்வளவு போனது என்று எழுதாத மில்லுக்கு நிறுத்த இடமே கிடையாது. கடைசியாக மெஷினை முழுக்கக் காலி செய்து சுத்தம் பண்ணிய நாள்வரை எல்லாவற்றையும் எடுக்க வேண்டி வரும். மாதம் ஒருமுறை, கப்பியைச் சேர்க்காமல் வெறும் மஞ்சளில் ஒரு லாட்டைத் தொடங்கினால் சங்கிலி அங்கே அறும். பச்சைச் சரக்கு மண்டி மாறும்போதெல்லாம் அப்படித் தொடங்கினால் இன்னும் நல்லது. இதை மில்காரருக்கு எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் உடனே ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் இழப்பைக் குறைப்பது அவருக்கே லாபம்.

காணாமல் போவதைவிட மோசமானது, கூடுதலாக வருவது. உள்ளே 3000 கிலோ போய் வெளியே 3100 கிலோ வந்ததாக நோட்டு காட்டினால், எழுதாத ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது. பழைய கப்பியாக இருக்கலாம், திரும்பி வந்த தூளாக இருக்கலாம், மாவாகவும் இருக்கலாம். தூளில் மாவுச்சத்து 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும், நிறம் தரும் குர்குமினாய்டு குறைந்தது 2 சதவீதம் வேண்டும் என்றும் சட்டத்தில் அளவு இருக்கிறது. கணக்கு கூடுதலாக வந்த லாட்டின் சாம்பிளை இந்த இரண்டுக்கும் அனுப்புங்கள்.

பின்னோக்கிய தடத்தை மண்டியோடு நிறுத்தாதீர்கள். விற்பனைக்கூடத்துச் சீட்டில் லாட் எண், எடை, தேதி இருக்கும். லாட் 41-க்கு அதை எடுத்துப் பார்த்தால் 2080 கிலோ பொருந்தும். லாட் 43-க்கு மண்டியின் வெள்ளைத்தாள் துண்டு மட்டும் வரும், ‘மஞ்சள் 15 மூட்டை’ என்று. யாருடைய சரக்கு, எந்த ஊர், எப்போது அறுத்தது என்று ஒன்றும் இராது. ஒரே லாட்டில் நன்றாகத் தடம் தெரிந்த சரக்கையும் தெரியாத சரக்கையும் கலந்துவிட்டால், மொத்தமும் தடம் தெரியாத சரக்காகிவிடுகிறது. உங்கள் பாக்கெட்டில் ‘ஈரோடு மஞ்சள்’ என்று அச்சடிப்பவராக இருந்தால் இது இன்னும் முக்கியம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது. நிஜாமாபாத், சாங்லி சரக்கும் நம் ஊர் குடோன்களுக்கு வருகிறது.

ஆய்வக அறிக்கையையும் இந்த நேரத்தில் பார்த்துவிடலாம். அறிக்கையில் எழுதிய லாட் எண் 312 தானா, சாம்பிள் கொடுத்த தேதி லாட் அரைத்த தேதிக்குப் பிந்தியதா என்று முதலில் பாருங்கள். சாம்பிளை ஆய்வகம் வந்து எடுத்ததா, மில் அனுப்பிக் கொடுத்ததா என்று அறிக்கையிலேயே இருக்கும். மில் அனுப்பியது என்றால் அந்த முடிவு அனுப்பிய பொட்டலத்துக்கு மட்டுமே பொருந்தும். காரீயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குள், ஈரம் 10 சதவீதத்துக்குள், 25 கிராமில் சால்மொனெல்லா இல்லை என்ற மூன்று வரியையும் தேடுங்கள். பல அறிக்கைகளில் நிறம், ஈரம், சாம்பல் மட்டும் இருக்கும், காரீயமே இராது. கேட்டால்தான் செய்வார்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது நீங்களே உங்கள் குடோன் மூட்டையிலிருந்து சாம்பிள் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

ரீகால் ஒத்திகை

அதே லாட் 312-ஐ இப்போது முன்னோக்கித் துரத்துங்கள். சரக்கைத் திரும்ப எடுக்கும் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 2017-இன் விதிமுறை. கோப்பில் திட்டம் இருக்கும். கன்சல்டண்ட் எழுதிக் கொடுத்தது, எல்லா மில்லிலும் ஒரே எழுத்து. அதைப் படித்து நேரத்தை வீணாக்காமல், நடத்திப் பாருங்கள்.

விற்பனை பில்களின்படி உங்களுக்கு 40 மூட்டை, திருப்பூர் மசாலா கம்பெனிக்கு 60, பழனி மொத்தக் கடைக்கு 10. ஆக 110. குடோனில் 4 மூட்டை இருக்க வேண்டும். போய் எண்ணினால் ஒன்றுதான் இருக்கிறது. மூன்று மூட்டை எங்கே? கல்லாவில் விசாரித்தால், மெஸ்காரர், பேக்கரிக்காரர் என்று நேரில் வந்து காசு கொடுத்து எடுத்துப் போயிருப்பார்கள். பில் இருக்கிறது. லாட் எண் இல்லை, போன் எண் இல்லை, ‘ரொக்கம்’ என்று மட்டும். 114-ல் 111-க்குத் தடம் கிடைத்தது, 97.4 சதவீதம். காகிதத்தில் நல்ல மதிப்பெண் போலத் தெரியும். ஆனால் கிடைக்காத 75 கிலோவும் நாளை காலை யாருடைய சாம்பாரிலோ போகும் சரக்கு. கம்பெனிக்குப் போன 60 மூட்டையை ஒரு போனில் நிறுத்திவிடலாம். இந்த மூன்றை நிறுத்த வழியே இல்லை. அதனால் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், கிடைக்காதது எங்கே போனது என்று பாருங்கள். திருத்தம் எளிது: ரொக்க பில்லிலும் லாட் எண்ணும் ஒரு போன் எண்ணும் எழுதாமல் மூட்டை வாசல் தாண்டக் கூடாது.

பிறகு போன் பட்டியல். திட்டத்தில் எழுதிய எண்களில் மூன்றை உங்கள் முன்னாலேயே கூப்பிடச் சொல்லுங்கள், ‘இது ஒத்திகைங்க’ என்று முதலிலேயே சொல்லிவிட்டு. ஒன்றில் வேலையை விட்டுப்போன கணக்கர் எடுப்பார், ஒன்று உபயோகத்தில் இருக்காது. முடிந்தால் இன்னொரு ஒத்திகையை வேறொரு நாள் இரவு எட்டு மணிக்கு மேல் வையுங்கள். சரக்கை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது அப்போதுதான் தெரியும். முதலாளி வெளியூரில் இருந்தால், அவர் வரும்வரை லாரி ஓடிக்கொண்டே இருக்குமா? முதலாளி இல்லாதபோது முடிவெடுக்க ஒருவர் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும், அந்த ஆளுக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்கு யார் தகவல் சொல்வார் என்பதும் அதே தாளில் வரட்டும்.

திரும்பி வந்த மூட்டையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டு, அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பூட்டில்லாத மூலையில் வைத்தால், பத்து நாளில் அது கப்பியோடு கப்பியாக மெஷினுக்குள் போய்விடும். முன்பு ஏதாவது புகாரில் திரும்பி வந்த சரக்கு இருந்தால், அதன் கடைசிச் சீட்டைக் கேளுங்கள். அழித்தது என்றால் எடை, தேதி, இரண்டு கையெழுத்து, போட்டோ இருக்க வேண்டும். திரும்பி வந்ததாக நோட்டில் இருந்து, அழித்ததாகத் தாள் இல்லாவிட்டால், அதை மறுபடி விற்றிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நேரத்தைப் பாருங்கள். 11.10-க்கு ஆரம்பித்தது 2.25-க்கு முடிந்தது என்றால் மூன்றே கால் மணி. எது தாமதப்படுத்தியது என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் பில் புத்தகம் ஈரோட்டு ஆபீஸில் இருக்கும், நோட்டு மில்லில் இருக்கும்.

கிளம்பும் முன் பேச வேண்டியது

கண்டதை அன்றைக்கே முதலாளியோடு உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். அறிக்கையில் முதல்முறையாகப் படித்தால் மனத்தாங்கலாகும், மறைக்கவும் தோன்றும். நம் உதாரண மில்லில் உடனே நிறுத்த வேண்டியது என்று எதுவும் இல்லை. பாலிஷ் உருளையில் நிறமி கிடைத்திருந்தாலோ டிடெக்டர் ஓடாமலே தூள் போயிருந்தாலோ அன்றே வாங்குவதை நிறுத்தியிருக்க வேண்டும். பெரிய குறை நான்கு: கப்பி எழுதாதது, தூசி டிரம், ரொக்க பில், லீவு நாள் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் யார், எப்போது என்று கேட்டு வாங்குங்கள், 30 நாளுக்கு மேல் போகவேண்டாம். ‘இனிமே கவனமா இருப்போமுங்க’ என்பது திருத்தம் ஆகாது. கப்பிக்கு நோட்டில் புதிதாக இரண்டு பத்தி கோடு போட்டு, ‘எந்த லாட்டிலிருந்து’, ‘எத்தனை கிலோ’ என்று தலைப்பு எழுதியாகிவிட்டது என்பதுதான் திருத்தம்.

அது உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்க்க மறுபடி மில்லுக்குப் போகத் தேவையில்லை. அடுத்து வரும் மூன்று லாட்டுக்கும் தயாரிப்பு நோட்டின் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு லாட்டில் ‘வெளியே போன கப்பி’ என்று எழுதிய எடை, அடுத்த லாட்டில் ‘உள்ளே வந்த கப்பி’ என்ற இடத்தில் அப்படியே வருகிறதா என்று பாருங்கள். மூன்று முறையும் 80, 80, 80 என்று முழு எண்ணாக வந்தால் எடை போடாமல் எழுதுகிறார்கள். 83.4, 71.8 என்று வந்தால் யாரோ தராசில் ஏற்றியிருக்கிறார்கள்.